சுவரில் தொங்கும் சான்றிதழில் எந்த ஊர்?

பதுளை மாவட்டத்துப் பிரதேச செயலகம் ஒன்றில் வியாபாரப் பெயர்ப் பதிவு மேசையில் நெடுங்காலம் இருந்தேன். அந்த மேசைக்கு வந்தவர்களில் பெரும்பாலானோர் சின்னக் கடைக்காரர்கள். பலசரக்கு, சலூன், கோழிக்கடை, தையல், பிறகு போட்டோ கொப்பியும் தொலைபேசியும் சேர்ந்த கொமியூனிகேஷன். தொண்ணூறுகளின் நடுவில் இவர்களுக்கிடையே ஒரு புதுவகை விண்ணப்பதாரர் தலைகாட்டத் தொடங்கினார். சட்டைப்பையில் பேனா, கையில் தோல் பை, விண்ணப்பத்தில் 'கணினிக் கல்வி நிலையம்'. கடைக்காரர் சான்றிதழை வாங்கி மடித்து வைத்துக்கொண்டு போவார். இவர் வாங்கியவுடனே, "போட்டோ கொப்பி எங்கே அடிக்கலாம்?" என்று கேட்பார்.

அந்தக் கொப்பி எங்கே போகிறது என்பது சில மாதங்களில் தெரிந்தது. பதுளை பஸ் நிலையத்தில் கொடுக்கும் துண்டுப்பிரசுரத்தில் 'அரசாங்கப் பதிவு பெற்றது' என்று தடித்த எழுத்து. கீழே ஓர் இலக்கம். அது நான் பதிவேட்டில் என் கையால் எழுதிய இலக்கம்.

அந்த இலக்கத்தைக் கொடுக்குமுன் நான் எதைப் பார்த்தேன் என்று தோட்டத்துப் பெற்றோர் ஒருவரும் என்னிடம் கேட்டதில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். விண்ணப்பப் படிவம் சரியாக நிரப்பப்பட்டிருக்கிறதா, அடையாள அட்டைப் பிரதி இருக்கிறதா, இடம் சொந்தமென்றால் உறுதி, வாடகையென்றால் குத்தகைப் பத்திரம், அந்த இடத்தில் அந்த வியாபாரம் நடக்கிறது என்று கிராம உத்தியோகத்தர் கொடுத்த அத்தாட்சி, கட்டணம். அவ்வளவுதான். படிப்பிப்பவர் என்ன படித்தவர், கணினி எத்தனை, பரீட்சையை யார் நடத்துகிறார்கள் என்றெல்லாம் கேட்க அந்தப் படிவத்தில் இடமே இல்லை. 1918 ஆம் ஆண்டின் வியாபாரப் பெயர்கள் கட்டளைச் சட்டம் எதற்காக வந்ததோ அந்த வேலையைத்தான் அது செய்கிறது. ஒரு பெயருக்குப் பின்னால் இருக்கிற ஆள் யார், அவரை எந்த இடத்தில் பிடிக்கலாம் என்பதைப் பதிவில் வைக்கிறது. கோழிக்கடைக்கும் கல்வி நிலையத்துக்கும் சான்றிதழ் ஒன்றுதான்.

ஆனாலும் அந்தச் சான்றிதழை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். அதில் ஒரு வரி இருக்கிறது: பிரதான வியாபாரத் தலம். அந்த ஒரு வரியைப் படித்திருந்தால் பல குடும்பங்களின் காசு மிஞ்சியிருக்கும்.

லுணுகலைப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து ஒருவர் வந்தது நினைவிருக்கிறது. மகன் ஓ.எல். எழுதி முடித்த வருடம். பதுளையில் ஒரு மாடியில் நடந்த கணினி டிப்ளோமா வகுப்பில் மகனைச் சேர்த்து, முழுப் பணத்தையும் ஒரே தடவையில் கட்டியிருந்தார். மூன்றாம் மாதம் வகுப்புக்குப் போன பிள்ளை பூட்டிய கதவைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தான். கட்டடக்காரரிடம் கேட்டால், "அவுங்க மாசா மாசம் மண்டபத்தை எடுத்தாங்க, இந்த மாசம் எடுக்கல்ல" என்றாராம்.

வந்தவர் கையிலே இரண்டு தாள். ஒன்று பற்றுச்சீட்டு. அதில் நிலையத்தின் பெயர், பதுளைக் கிளை என்ற முத்திரை, ஒரு கைத்தொலைபேசி இலக்கம். மற்றது நிலையம் கொடுத்த சான்றிதழ்ப் பிரதி. "ஐயா, இதுல கவர்மெண்ட் சீல் இருக்குதுங்களே, அப்போ நீங்கதானே பொறுப்பு?" என்றார். நான் பிரதியை வாங்கிப் பார்த்தேன். எங்கள் செயலகத்தின் சான்றிதழ் இல்லை. எங்கள் மாகாணத்தினுடையதும் இல்லை. பிரதான வியாபாரத் தலம் என்ற இடத்தில் மத்திய மாகாணத்து முகவரி. வியாபாரத்தின் தன்மை என்ற இடத்தில் தட்டச்சு, போட்டோ கொப்பி, கணினிச் சேவை. பதுளை என்ற சொல் தாளில் எங்கேயும் இல்லை. எல்லாம் சிங்களத்தில் இருந்தது. அவருக்குச் சிங்களம் பேச வரும், வாசிக்க வராது. சீலைப் பார்த்து நம்பியிருக்கிறார்.

மத்தியஸ்த சபைக்குப் போகச் சொன்னேன், போனார். சபை அழைப்புக் கடிதம் அனுப்ப வேண்டும். எந்த முகவரிக்கு? வகுப்பு நடந்த பதுளை மாடிக்குப் போன கடிதம், அப்படி ஒருவர் இல்லையென்று திரும்பி வந்தது. சான்றிதழில் இருந்த வெளிமாகாண முகவரிக்கு வழக்குப் பேச அவர் நாள் சம்பளத்தை விட்டுவிட்டு எத்தனை முறை போவார்? அத்தோடு விட்டுவிட்டார். ஏமாற்று என்று நிரூபிக்கக்கூட அந்த விஷயம் போகவில்லை. நிலையத்தை நடத்தியவர் நட்டப்பட்டும் மூடியிருக்கலாம். இவருக்கு இரண்டும் ஒன்றுதான்.

முகவரியைப் பார்ப்பது என்றால் இடத்தைக் கண்டுபிடிப்பதற்கு என்றே பலரும் நினைக்கிறார்கள். வகுப்பு நடக்கும்வரை யாருக்கும் முகவரி தேவையில்லை, பிள்ளைக்கே வழி தெரியும். வகுப்பு நின்ற மறுநாள்தான் அது வேண்டியிருக்கிறது. பொலிஸ் முறைப்பாடு, சட்டத்தரணியின் கடிதம், மத்தியஸ்த சபை அழைப்பு, நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுதும் கடிதம் என்று எதுவானாலும் எதிர்த்தரப்பின் பெயருக்குக் கீழே ஒரு முகவரி எழுத வேண்டும். பதிவில் உள்ள முகவரியில் அந்த ஆளைத் தேடலாம். பதிவில் இல்லாத கிளை என்பது மாத வாடகை மண்டபம்.

இந்த விஷயம் தோட்டத்து ஆட்களுக்குப் புரிவது ஏன் பிந்துகிறது என்று நான் யோசித்ததுண்டு. லயத்துக் காம்பராவுக்கு இலக்கம் போட்ட தபால் முகவரி பலருக்கு நெடுநாள் இருக்கவில்லை. பெயர், டிவிஷன், தோட்டம், ஊர் என்று எழுதினால் கடிதம் தோட்டக் காரியாலயத்துக்கு வரும். அங்கிருந்து யாராவது கொண்டுவந்து கொடுத்தால் உண்டு. நேர்முகத் தேர்வுக்கான கடிதம் தேர்வு முடிந்தபிறகு கையில் கிடைத்த பிள்ளைகளை எனக்குத் தெரியும். தனக்கே சரியான முகவரி இல்லாத மனிதர் மற்றவனுடைய முகவரியைத் துருவிப் பார்க்க வேண்டும் என்று எப்படி நினைப்பார்? 'லோவர் வீதி, பதுளை' என்று மட்டும் போட்ட துண்டுப்பிரசுரம் அவருக்குப் போதுமானதாகத் தெரிகிறது. நகரத்துக் கட்டடங்களுக்கு மாநகர சபையின் வரி மதிப்பீட்டு இலக்கம் இருக்கிறது. அந்த இலக்கம் இல்லாத நகர முகவரியை நான் முகவரியாகவே எடுப்பதில்லை.

இனி, பயிற்சி நிலையங்களுக்கென்றே இருக்கிற மற்றப் பதிவைச் சொல்ல வேண்டும். 1990 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழு வந்தது. தொழிற்பயிற்சி கொடுக்கும் நிலையங்கள், தனியாரோ அரசோ, அங்கே பதிவு செய்ய வேண்டும். இந்தப் பக்கங்களில் அதை டி.வி.ஈ.சி. என்றுதான் சொல்வார்கள். வியாபாரப் பெயர்ப் பதிவுக்கு பி.ஆர். இரண்டையும் மாற்றிப் போட்டுப் பேசுவதில்தான் பாதி விளையாட்டு நடக்கிறது. "பதிந்திருக்கிறீர்களா?" என்று கேட்டால் "பதிந்திருக்கிறோம்" என்பார்கள். பொய்யில்லை. எங்கே பதிந்தது என்று யாரும் கேட்பதில்லை.

டி.வி.ஈ.சி. பதிவு பி.ஆர். மாதிரி பெயரைப் பார்த்துக் கொடுப்பதல்ல. ஒரு குறிப்பிட்ட இடத்தைப் பார்த்துக் கொடுப்பது. அந்தக் கட்டடத்தில் வகுப்பறை எப்படி, கருவிகள் இருக்கின்றனவா, போதனாசிரியரின் தகைமை என்ன, பாடத்திட்டம் என்ன என்று பார்ப்பார்கள். ஆகவே ஒரே பெயரில் ஐந்து ஊர்களில் நடத்துகிறவர் ஐந்து இடத்துக்கும் பதிவு எடுத்தாக வேண்டும். கண்டியில் இருக்கும் தையல் இயந்திரத்தைப் பார்த்துவிட்டுப் பதுளையிலிருக்கும் அறைக்குச் சான்றிதழ் கொடுக்க முடியாது.

அதற்கு மேலே இன்னொரு படி இருக்கிறது. நிலையம் பதிவானால் அங்கே நடக்கிற எல்லாப் பாடநெறிக்கும் என்.வி.கியூ. சான்றிதழ் கிடைக்கும் என்றில்லை. பாடநெறிக்குத் தனியாகத் தரச் சான்று பெற வேண்டும். அதுவும் அந்த இடத்துக்கே உரியது. ஆகப் பெற்றோர் கேட்க வேண்டிய கேள்வி இரண்டு: இந்தக் கட்டடம் பதிவானதா, இந்தக் கட்டடத்தில் இந்தப் பாடநெறி ஏற்கப்பட்டதா.

ஓய்வு பெற்றபின் இந்த வேலை என்னைவிட்டுப் போகவில்லை. வீட்டுக்கு ஆட்கள் தாளோடு வருவார்கள். 2022 இல் நாடு படுத்த பிறகு அது கூடியது. கொரிய மொழி, ஜப்பான் மொழி, பராமரிப்பாளர் பயிற்சி, ஹோட்டல் பயிற்சி என்று வெளிநாட்டை நோக்கிய வகுப்புகள் பசறையிலும் பண்டாரவளையிலும் வெலிமடையிலும் முளைத்தன. துண்டுப்பிரசுரம் போய் வாட்ஸ்அப் படம் வந்தது. அந்தப் படத்தில் கட்டடமே இராது. விமானமும் ஒரு தொலைபேசி இலக்கமும் இருக்கும்.

2023 இல் மடுல்சீமைப் பக்கத்திலிருந்து ஒரு தாயும் மகளும் வந்தார்கள். மகள் உயர்தரம் முடித்தவள். பதுளையில் ஆறு மாதப் பராமரிப்பாளர் பயிற்சி, என்.வி.கியூ. 3ஆம் நிலை, கட்டணம் எண்பத்தையாயிரம். ஞாயிற்றுக்கிழமைக்குள் பாதியைக் கட்டினால் பத்தாயிரம் கழிவு. அப்போது தோட்டத்தில் நாள் சம்பளம் 1,000 ரூபா. நிறை குறைந்தால் அதுவும் அரைப்பேர். அந்தத் தாய்க்கு அந்தக் கட்டணம் ஏறக்குறைய நாலு மாத உழைப்பு. சங்கிலியை அடகு வைக்கப் போகிற வழியில்தான் என் வீட்டுக்கு வந்திருந்தார்கள்.

பிள்ளையிடம் சொன்னேன்: "நீ திரும்பிப் போய் மூணு படம் எடுத்துக்கிட்டு வாம்மா. வெளியில உள்ள பெயர்ப் பலகை, கட்டட இலக்கம் தெரியிற மாதிரி. உள்ளே சுவரில தொங்குற சான்றிதழ், நாலு மூலையும் தெரியிற மாதிரி. அவங்க குடுக்கிற பற்றுச்சீட்டுப் புத்தகத்தில ஒரு வெற்றுத் தாள்." படம் எடுக்க விடாத இடத்தில் காசு கட்ட வேண்டாம் என்றும் சொன்னேன். விட்டார்கள். அதுவே எனக்கு அவர்கள்மேல் கொஞ்சம் நல்லெண்ணம் வரக் காரணம்.

சான்றிதழ் உண்மையானதுதான். பி.ஆர். அல்ல, டி.வி.ஈ.சி.யே கொடுத்தது. நிலையத்தின் பெயர் பலகையில் இருந்தபடி எழுத்துக்கெழுத்து ஒத்தது. இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும், ஏனென்றால் 'இன்ஸ்டிடியூட்' என்று பதிந்துவிட்டு 'கெம்பஸ்' என்று பலகை போடுகிறவர்கள் உண்டு. செல்லுபடியாகும் கடைசித் திகதியும் தாண்டியிருக்கவில்லை. முகவரிக்கு வந்தேன். கண்டி. பெயர்ப் பலகைப் படத்திலோ பதுளை, பசறை வீதி. பற்றுச்சீட்டுத் தாளில் தலைப்பு கண்டி முகவரியோடு அச்சாகி, கீழே 'பதுளைக் கிளை' என்று ரப்பர் முத்திரை மட்டும் இருந்தது.

ஆணைக்குழுவின் tvec.gov.lk தளத்தில் பதிவுபெற்ற நிலையங்களின் பட்டியலை மாவட்டவாரியாகப் பார்க்கலாம். பிள்ளையின் தொலைபேசியிலேயே தேடினோம். பதுளை மாவட்டத்தில் அந்தப் பெயர் வரவில்லை. கண்டி மாவட்டத்தில் வந்தது, சுவரில் இருந்த அதே இலக்கத்தோடு. அதாவது யாரோ ஒருவருடைய சான்றிதழைத் திருடித் தொங்கவிடவில்லை. சொந்தச் சான்றிதழ்தான், ஆனால் வேறு ஊர்க் கட்டடத்துக்கு உரியது. இணையப் பட்டியல் சிலவேளை பிந்தியே புதுப்பிக்கப்படும் என்பதால் மறுநாள் கொழும்புக்குத் தொலைபேசி எடுத்துக் கேட்கச் சொன்னேன். அங்கேயும் பதில் அதேதான்: அந்த இலக்கம் கண்டி நிலையத்துக்கு மட்டும்.

நிலையத்து மேசையில் இருந்த பெண் சொன்ன பதில் நான் எத்தனையோ முறை கேட்டது: "தலைமையகம் பதிந்தால் கிளைக்கும் அதுவே போதும்." அவள் பொய் சொல்லவில்லை, அவளுக்கு அப்படித்தான் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். பிள்ளையிடம் ஒரு கேள்வி எழுதிக் கொடுத்தனுப்பினேன். எனக்குக் கிடைக்கும் என்.வி.கியூ. எந்த நிலையத்தின் பெயரில், மதிப்பீடு எந்த ஊரில் நடக்கும்? மேசையில் பதில் இல்லை. முகாமையாளர் கண்டியிலிருந்து தொலைபேசியில் பேசினார். பதுளைக்கு விண்ணப்பித்திருக்கிறோம், இன்னும் வரவில்லை, அதுவரை உங்களைக் கண்டி மாணவியாகப் பதிந்துகொண்டு பதுளையில் படிப்பிக்கிறோம் என்றார்.

இந்த ஏற்பாடு கேட்கும்போது நியாயமாகத்தான் தெரிகிறது. உடைத்துப் பார்த்தால்தான் விளங்கும். மதிப்பீட்டாளர் கண்டிக்குத்தான் வருவார். செய்முறைக்கு வேண்டிய கட்டில், சக்கர நாற்காலி எல்லாம் அங்கேதான். பதுளையில் இருப்பது நாற்காலிகளும் ஒரு வெண்பலகையும். பிள்ளை கடைசி நாட்களில் கண்டியில் தங்க வேண்டும், அந்தச் செலவு கட்டணத்தில் இல்லை. வரவுப் பதிவேட்டில் அவள் கண்டியில் படித்ததாக எழுதப்படும். நடுவில் ஏதும் பிரச்சினையென்றால், தான் ஒருநாளும் போகாத நிலையத்தின் மாணவி என்று சொல்லித்தான் முறைப்பாடு எழுத வேண்டும்.

தாய்க்கு நான் சேர் என்றோ சேராதே என்றோ சொல்லவில்லை. பதுளை முகவரியோடு சான்றிதழ் வந்தபிறகு சேரலாம், அதுவரை சங்கிலி கழுத்தில் இருக்கட்டும் என்றேன். "கழிவு போயிருமேங்க ஐயா" என்று அவருக்குக் கவலை. ஞாயிறும் போனது, கழிவும் போனது. அடுத்த வருடம் அதே பிள்ளை படம் அனுப்பினாள். புதுச் சான்றிதழ், வேறு இலக்கம், முகவரி பசறை வீதி, பதுளை. பட்டியலிலும் பதுளை மாவட்டத்தில் பெயர் வந்திருந்தது, பராமரிப்பாளர் பாடநெறியோடு. அறைக்குக் கட்டிலும் வந்துவிட்டதாம். சேர்ந்தாள். கழிவு அந்த முறையும் இருந்தது.

அந்த நிலையத்தை நான் மோசடி என்று சொல்ல மாட்டேன். என் அனுபவத்தில் முகவரி ஒத்துவராத இடங்களில் பலதும் இப்படித்தான்: முதலில் ஆட்களைச் சேர்த்து, அந்தக் காசில் கருவி வாங்கி, பிறகு பதிவுக்குப் போகிறவர்கள். வியாபாரமாக அது ஒரு வழி. ஆனால் அந்த முதலீட்டைப் போடுகிறவர் கொழுந்து பறிக்கிற பெண். வியாபாரம் சரிந்தால் பங்காளிக்கு இருக்கிற உரிமைகூட அவளுக்கு இல்லை.

இந்தியாவிலும் இதே ஓட்டையை அடைக்கப் பார்த்திருக்கிறார்கள். கோச்சிங் மையங்களுக்கென்று அங்கே கல்வி அமைச்சு 2024 ஜனவரியில் வெளியிட்ட வழிகாட்டலில், ஒவ்வொரு கிளையும் தனி மையமாகக் கருதப்பட்டுத் தனியாகப் பதிவு செய்யப்பட வேண்டும் என்று எழுதியிருக்கிறது. முழுக் கட்டணம் கட்டிய மாணவர் நடுவில் விலகினால் மீதியைப் பத்து நாட்களுக்குள் திருப்ப வேண்டும் என்றும் இருக்கிறது. அதை நடைமுறைப்படுத்துவது மாநிலங்களின் கையில். இந்த இரண்டாவது விஷயம் நம்முடைய பற்றுச்சீட்டுகளில் நேர்மாறாகத்தான் அச்சாகியிருக்கும்: 'கட்டிய பணம் எக்காரணம் கொண்டும் திருப்பித் தரப்படமாட்டாது.'

சில நிலையங்கள் கம்பனியாகப் பதிந்திருக்கும். பெயருக்குப் பின்னால் பிரைவேட் லிமிடெட் என்று வரும். 2007 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தின்கீழ் அவர்களுக்கு ஒரு பதிவு இலக்கமும் பதிவு செய்யப்பட்ட காரியாலயமும் இருக்கும். பெயர் பதிவில் இருக்கிறதா என்று eroc.drc.gov.lk தளத்தில் தேடலாம். அதுவும் பி.ஆர். மாதிரித்தான். ஆள் யார் என்று சொல்லும், பாடம் எப்படி என்று சொல்லாது. கம்பனி என்ற சொல்லைக் கேட்டுத் தோட்டத்தில் கூடுதல் மரியாதை பிறப்பதைப் பார்த்திருக்கிறேன். பெருந்தோட்டக் கம்பனிகளைப் பார்த்துப் பழகியதால் இருக்கலாம்.

ஓ.எல்., உயர்தர டியூசன் வகுப்புகளுக்கு இந்தக் கணக்கு முழுதாகப் பொருந்தாது. அவை தொழிற்பயிற்சி அல்ல, ஆகவே டி.வி.ஈ.சி. பட்டியலில் தேடிப் பயனில்லை. பி.ஆர். இருந்தால் உண்டு. அங்கே நான் சொல்வது ஒன்றுதான்: மாதாமாதம் கட்டுங்கள். ஒரு வருடக் காசை முன்னால் கேட்கிற டியூசன்காரரிடம் மட்டும் பி.ஆர். காட்டச் சொல்லி, முகவரி எந்தப் பிரதேச செயலகத்துக்குள் வருகிறதோ அங்கே போய்ப் பதிவேட்டில் அந்த இலக்கம் இருக்கிறதா என்று விசாரியுங்கள். பதிவான இடத்தை மாற்றினால் அறிவிக்க வேண்டும் என்பது சட்டம். பலர் அறிவிப்பதில்லை. அதனால் பதிவேட்டில் பழைய முகவரி இருப்பது மட்டுமே குற்றத்துக்குச் சான்றாகாது. கேட்டால் திருத்திக்கொண்டு வருகிறவர் இருக்கிறார், கேட்டதற்கே கோபப்படுகிறவர் இருக்கிறார். என் மேசையில் இரண்டு பேரையும் பார்த்திருக்கிறேன்.

முகவரி ஒத்துவந்துவிட்டால் நல்ல நிலையம் என்றும் அர்த்தமில்லை. பதிவான கட்டடத்தில் போதனாசிரியர் வாரத்தில் பாதி நாள் வராத கதையும் உண்டு. ஆனால் அப்போது முறைப்பாடு செய்ய ஓர் இடம் இருக்கிறது. ஆணைக்குழு தான் பதிந்த நிலையத்தைப் பற்றித்தான் கேள்வி கேட்க முடியும்.

காசு கட்டுவதென்று முடிவானால் அதிலும் முகவரி வர வேண்டும். பற்றுச்சீட்டில் எந்தக் கட்டடத்தில் எந்தப் பாடநெறிக்கு என்பதையும் பதிவு இலக்கத்தையும் பேனாவால் எழுதிக் கையொப்பம் போடச் சொல்லுங்கள். வங்கியில் கட்டச் சொன்னால் கணக்கு நிலையத்தின் பெயரில் இருக்க வேண்டும். ஒரு தனி ஆளின் சேமிப்புக் கணக்கு இலக்கம் வாட்ஸ்அப்பில் வந்தால், பதிவு எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் நான் கட்ட மாட்டேன். பணம் போய்ச் சேர்ந்தது நிலையத்துக்கு அல்ல, அந்த ஆளுக்கு என்று பிறகு சொல்லிவிடலாம். சான்றிதழ் சிங்களத்தில் மட்டும் இருந்து வாசிக்கத் தெரியாவிட்டால் கிராம உத்தியோகத்தரிடமோ பாடசாலை ஆசிரியரிடமோ காட்டலாம். வாசிக்க வேண்டியது மொத்தம் நாலே வரிதான்: பெயர், முகவரி, இலக்கம், கடைசித் திகதி.

நேரில் போகக்கூடியவர்களுக்கு ஆணைக்குழு கொழும்பு 5, எல்விட்டிகல மாவத்தை, 354/2 இலக்க நிபுணதா பியச கட்டடத்தில் இருக்கிறது. தோட்டத்திலிருந்து அவ்வளவு தூரம் போகத் தேவையில்லை. தொலைபேசி போதும். எழுத்தில் பதில் வேண்டுமென்றால் 2016 ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் ஒரு கடிதம் எழுதலாம். இன்ன பெயருள்ள நிலையத்துக்குப் பதுளை மாவட்டத்தில் எந்த முகவரிக்குப் பதிவு இருக்கிறது என்ற ஒரு கேள்வி போதும். தகவல் உத்தியோகத்தர் 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று தீர்மானித்து அறிவிக்க வேண்டும். நிலையங்கள் சொல்கிற 'கடைசி ஞாயிறு' அதற்கு முன்பே வந்துவிடும் என்பது உண்மை. அடுத்த தொகுதிக்கும் ஒரு கடைசி ஞாயிறு வரும்.

பதுளை, பசறை, லுணுகலை, ஹாலிஎல, பண்டாரவளை, ஹப்புத்தளை, வெலிமடை வலயங்களிலும் பிரிவுகளிலும் உள்ள தமிழ்ப் பாடசாலை அதிபர்களிடம் ஒன்று கேட்கிறேன். ஓ.எல். பரீட்சை முடிகிற வாரத்தில் பாடசாலை வாசலில் துண்டுப்பிரசுரம் கொடுக்க ஆட்கள் வருகிறார்கள். அந்த வாரத்துக்கு முன்பே பதுளை மாவட்டத்தில் பதிவான நிலையங்களின் பட்டியலை, முகவரியும் பாடநெறியும் சேர்த்துத் தளத்திலிருந்து அச்சடித்து அறிவித்தல் பலகையில் தமிழில் ஒட்டிவிடுங்கள். ஒவ்வொரு தவணையும் அதைப் புதுப்பிக்கிற பொறுப்பை ஓர் ஆசிரியருக்குக் கொடுங்கள்.